ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் மறையும் மேப்: கார் டிஸ்பிளேவைச் சரிசெய்த கதை

பழைய ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கினேன். முந்தைய உரிமையாளர் அதில் ஏழு அங்குல டச் ஸ்கிரீன் ஒன்றை வெளியே கடையில் மாட்டியிருந்தார். போனைக் கேபிளில் செருகினால் அதன் மேப்பும் பாட்டும் இந்த ஸ்கிரீனில் வரும்; ஆண்ட்ராய்டு போனுக்கு ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஐபோனுக்கு கார்ப்ளே, இரண்டும் உண்டு. நின்ற இடத்தில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். வண்டி நகர்ந்து முதல் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியதும் மேப் மறைந்து, எஃப்எம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாலைந்து விநாடி கழித்துத் தானாகவே மேப் திரும்பி வரும், அடுத்த பள்ளம் வரைக்கும்.

இணையத்தில் தேடினால் இதற்குச் சொல்லும் வைத்தியங்கள் எல்லாம் மென்பொருள் பக்கமே போகும்: கேஷை அழி, அப்டேட்டை நீக்கு, போனை ரீசெட் செய். அதில் இறங்குமுன் ஒன்றைக் கவனித்துவிடுவது நல்லது. இணைப்பு அறும் நேரத்தில் போனில் சார்ஜ் ஏறும் அடையாளம் என்ன ஆகிறது? சார்ஜ் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்க மேப் மட்டும் போனால், டேட்டா ஒயரிலோ செயலியிலோ கோளாறு. சார்ஜும் சேர்ந்து நின்று, ‘டொய்ங்’ என்று மறுபடி தொடங்கினால், மின்சாரமே ஒரு கணம் அறுகிறது என்று அர்த்தம். அதற்கு எந்த ரீசெட்டும் உதவாது. என் போன் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ‘டொய்ங்’ என்றது.

கேபிள் வழியாக உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். மேப்பைக் கார் ஸ்கிரீன் வரைவதில்லை. போன்தான் முழுப் படத்தையும் வரைந்து, வீடியோவாகச் சுருக்கி, யூஎஸ்பி வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நாம் ஸ்கிரீனைத் தொடும் இடம் எதிர்த்திசையில் போனுக்குப் போகிறது. பாட்டும் அதே ஒயரில்தான். ஆகவே கண நேரம் தொடர்பு விட்டாலும் மொத்தமும் விழும். முதலிலிருந்து கைகுலுக்கி மறுபடி தொடங்கும். அந்த நாலைந்து விநாடி இதற்குத்தான். வெறும் சார்ஜருக்கு இப்படி ஒரு கணம் விட்டால் நாம் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. ‘சார்ஜ் நல்லாத்தானே ஏறுது, கேபிள் சரியாத்தான் இருக்கு’ என்று பலரும் நம்பிவிடுவது அதனால்தான்.

முதலில் போனின் துளை. டைப்-சி துளைக்குள் சட்டைப்பையின் பஞ்சு சேர்ந்து அடியில் அமுங்கிக் கிடக்கும். கண்டுபிடிப்பது எளிது: பிளக்கைச் செருகும்போது கடைசியில் ஒரு ‘டக்’ கைக்குத் தெரிய வேண்டும், பிளக்குக்கும் போன் உடம்புக்கும் இடையே நகம் நுழையும் அளவு இடைவெளி இருக்கக்கூடாது. போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் ஓரம் ஓரமாகச் சுரண்டினேன். நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதில்தான் முனைகள் இருக்கின்றன. ஊசி, பின் எதுவும் கூடாது. கொஞ்சம் தூசி வந்தது, ‘டக்’ நன்றாகக் கேட்டது. ஆனால் பள்ளத்தில் மேப் போனது போனதுதான்.

அப்புறம் கேபிள். வீட்டில் கிடக்கும் கேபிள்களில் சில சார்ஜுக்கு மட்டுமே ஆனவை, யூஎஸ்பி 2.0-க்கு வேண்டிய நாலு ஒயரில் மின்சார ஒயர் இரண்டும் இருக்கும், டேட்டா ஒயர் இரண்டும் இருக்காது. அப்படிப்பட்டதைச் செருகினால் கார் ஸ்கிரீன் போனைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. விட்டு விட்டு வருவது அதன் வேலை இல்லை. ஒரு மீட்டருக்குக் குறைவான, கெட்டியான புது கேபிள் ஒன்று வாங்கிப் போட்டேன். கொஞ்சம் தேறியது, முழுதாகச் சரியாகவில்லை. கார் ஆக்சஸரீஸ் கடைத் தம்பி, “ஒரிஜினல் கேபிள் போட்டீங்கன்னா சரியாயிருமுங்ணா” என்று இன்னொன்றையும் நீட்டினார். நான் கேட்டது வேறு: “இந்த ஸ்டீரியோவோட யூஎஸ்பி எங்க இருந்து வருது தம்பி?”

அதுதான் விஷயம். கார் கம்பெனியே பொருத்திய ஸ்கிரீனில் யூஎஸ்பி துளை டேஷ்போர்டிலேயே இருக்கும். வெளியே மாட்டும் ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் அது பெட்டியின் முதுகில் இருக்கும். மாட்டுகிறவர் அங்கிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்து, கிளவ் பாக்ஸுக்குள்ளோ ஆம்ரெஸ்டுக்கு அடியிலோ அதன் பெண் முனையை விட்டுவிடுவார். என் வண்டியில் கிளவ் பாக்ஸில் வந்தது. நாம் எத்தனை நல்ல கேபிள் வாங்கினாலும் அது பாதி வழிதான். மீதிப் பாதி கண்ணில் படாமல் டேஷ்போர்டுக்குப் பின்னால் தொங்குகிறது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கிளவ் பாக்ஸை இறக்கினேன். என் வண்டியில் இரண்டு பக்கமும் அழுத்தினால் மூடி கீழே சாய்ந்துவிடும், திருகாணி எதுவும் இல்லை. இதற்கு மேலேதான் பயணியின் ஏர்பேக் இருக்கும். மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ தெரிந்தால் அது ஏர்பேக்குடையது, அதைத் தொடவே வேண்டாம். பிறகு பிளாஸ்டிக் நெம்புகோலால் ஸ்கிரீனைச் சுற்றியுள்ள பட்டியைக் கிளப்பி, நான்கு திருகாணிகளைக் கழற்றி, பெட்டியை ஒரு சாண் வெளியே இழுத்தேன்.

ஒன்றரை மீட்டர் நீள எக்ஸ்டென்ஷன், காது கேட்கும் கருவியின் ஒயர் மாதிரி மெல்லியது. பெட்டியின் முதுகில் செருகிய இடத்தில் எந்தக் கட்டும் இல்லை. மீதி நீளத்தைச் சுருட்டி அப்படியே தொங்கவிட்டிருந்தார்கள். அந்தச் சுருளின் எடை முழுவதும் பிளக்கின் மேல். வண்டி குதிக்கும்போதெல்லாம் சுருள் ஆட, பிளக்கும் ஆடியிருக்கிறது.

இதுதான் குற்றவாளி என்று நிச்சயப்படுத்திக்கொள்ள, எக்ஸ்டென்ஷனை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்து லேப்டாப்புக்கும் போனுக்கும் நடுவில் போட்டேன். லினக்ஸ் இருப்பவர்களுக்கு, இணைப்பு விடுவதையும் சேர்வதையும் உடனுக்குடன் திரையில் பார்க்க இந்த ஒரு கட்டளை போதும்:

```
sudo dmesg -w
```

அதை ஓடவிட்டு, ஒயரை முனையிலிருந்து முனை வரை மெதுவாக வளைத்துக்கொண்டே போனேன். பிளக்குக்கு இரண்டு விரல்கடை தள்ளி வளைத்த இடத்தில் இப்படி வந்தது:

```
usb 1-2: USB disconnect, device number 14
usb 1-2: new full-speed USB device number 15 using xhci_hcd
```

முதல் வரி, இணைப்பு அறுந்தது. இரண்டாவது வரிதான் சுவாரசியம். நல்ல ஒயரில் அங்கே high-speed என்று வர வேண்டும். அது விநாடிக்கு 480 மெகாபிட். சிக்னல் கெட்டுப்போனால் இரண்டு பக்கமும் இறங்கி வந்து full-speed என்று ஒப்புக்கொள்ளும். அது 12 மெகாபிட். மேப் வந்தும் இழுத்து இழுத்து நகர்வதற்கும் பாட்டு விக்குவதற்கும் இதுவும் ஒரு காரணமாகலாம். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் கட்டளை எதுவும் தேட வேண்டாம். ஒயரை வளைக்கும்போது சாதனம் செருகும், கழலும் ஓசை மாறி மாறிக் கேட்டால் முடிவு அதேதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. போன் முனையில் ஒரு யூஎஸ்பி டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். பெட்டியின் முதுகில் 5 வோல்ட். எக்ஸ்டென்ஷனும் என் பழைய மெல்லிய ஒரு மீட்டர் கேபிளும் தாண்டி, அரை ஆம்பியர் இழுக்கும்போது போனுக்கு வந்து சேர்வது 4.5 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே. மெல்லிய 28 கேஜ் ஒயருக்கு மீட்டருக்கு சுமார் 0.21 ஓம் மின்தடை. போக ஒன்று, வர ஒன்று என்று மின்சாரம் இரண்டு முறை பயணிப்பதால், இரண்டரை மீட்டர் பாதை ஐந்து மீட்டர் ஆகிவிடுகிறது. ஒரு ஓமுக்கு மேல். அரை ஆம்பியருக்கு அரை வோல்ட் காணாமல் போவது இப்படித்தான். போன் இன்னும் அதிகம் இழுக்கப் பார்க்கும், வோல்டேஜ் சரிவதைக் கண்டு தானே குறைத்துக்கொள்ளும். மேப் ஓடி, ஸ்கிரீன் எரிந்து, டேட்டாவும் ஓடும்போது இந்த இரண்டே கால் வாட் போதாது. கேபிளில் மாட்டியிருந்தும் பேட்டரி இறங்கிக்கொண்டே போனதற்கு விடை கிடைத்தது.

தீர்வு பெரிய வித்தை இல்லை. எக்ஸ்டென்ஷனைக் கழற்றி ஓரமாக வைத்தேன். முதுகில் இருந்த இரண்டு யூஎஸ்பியில் போன் படம் அச்சிட்ட துளைதான் ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு, மற்றது பென்டிரைவுக்கு. ஒன்றை மற்றொன்றாக நினைத்துச் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறும். போன் படம் அச்சிட்டதில் அந்தக் கெட்டியான புது கேபிளை நேராகச் செருகினேன், நடுவில் இன்னொரு இணைப்பே இல்லாமல். பிளக்கை அசையாதபடி பெட்டியின் சட்டத்தோடு கேபிள் டையால் கட்டினேன். இறுக்கிக் கட்டாமல், பிளக்குக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சின்ன வளைவு விட்டு. அந்த வளைவு இருந்தால்தான் அதிர்வு பிளக்குக்குப் போகாது. ஒயர் பிளாஸ்டிக்கில் உரசும் இடங்களில் துணி டேப் சுற்றினேன், இல்லையென்றால் மண் ரோட்டில் கிறீச் கிறீச் என்று உயிரை எடுக்கும். மறு முனையைக் கிளவ் பாக்ஸுக்கு விடாமல், ஏசி பட்டன்களுக்குக் கீழே கியருக்கு முன்னால் உள்ள தட்டில் எடுத்தேன். டெஸ்டரில் இப்போது 4.9 வோல்ட்.

இடத்தை மாற்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில ஸ்கிரீன்களுக்குச் சொந்த ஜிபிஎஸ் ஆன்டெனா இருக்கும், போன் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். இதற்கு அது இல்லை, போனின் ஜிபிஎஸ்தான். மூடிய கிளவ் பாக்ஸுக்குள் போன் கிடந்தால் அம்புக்குறி தாமதமாக நகரும், மேம்பாலமா சர்வீஸ் ரோடா என்று குழம்பும். டேஷ்போர்டின் உச்சியில் வைத்தால் வெயிலில் சுட்டுப்போகும். நடுத்தட்டு இரண்டுக்கும் சமாதானம்.

பெட்டி வெளியே இருக்கும்போதே ஒரு சின்ன வேலையையும் முடித்தேன். இந்த மாதிரி ஸ்டீரியோக்களின் ஒயர் கட்டில் ஆரஞ்சு நிறம் வழக்கமாக விளக்குக்கு. பார்க் லைட் போட்டால் அதில் 12 வோல்ட் வர வேண்டும். மாட்டியவர் அதை டேப் சுற்றி அப்படியே விட்டிருந்தார். அதனால் இரவிலும் மேப் பளீர் என்று வெள்ளையாகவே இருந்து கண்ணைக் கூசியது. டெஸ்ட் லாம்ப் வைத்து, பார்க் லைட் போட்டால் மட்டும் எரியும் ஒயரைத் தேடி இணைத்தேன். இப்போது லைட் போட்டதும் மேப் கறுப்புக்கு மாறுகிறது. வெளிர் பச்சை ஒயர் ஹேண்ட் பிரேக்குக்கு. அதை நேராகக் கிரவுண்டில் கொடுத்து வண்டியை எப்போதும் ‘நிற்கிறது’ என்று நம்பவைக்கும் பழக்கம் பல கடைகளில் உண்டு, ஓடும்போதும் வீடியோ பார்க்கலாம் என்று. நல்லவேளை, இதில் ஒழுங்காகக் கொடுத்திருந்தார்கள். அப்படியே விட்டுவிட்டேன். ஓடும்போது கீபோர்டு பூட்டிக்கொள்வது எரிச்சல்தான், ஆனால் முகவரியை வாயால் சொன்னால் போகிறது.

பேட்டரியைத் திரும்ப மாட்டியதும் ஆண்ட்ராய்டு ஆட்டோ தொடங்க மறுத்தது. பயப்பட ஒன்றுமில்லை. மின்சாரம் போனதில் ஸ்டீரியோவின் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. போனும் ஸ்டீரியோவும் ஒன்றையொன்று நம்புவதற்குப் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்த்துக்கொள்கின்றன, தேதி தப்பாக இருந்தால் அந்தச் சான்றிதழ் செல்லாது. தேதி, நேரத்தைச் சரியாக வைத்ததும் வந்துவிட்டது. பேட்டரி மாற்றிய கையோடு ‘ஆட்டோ வேலை செய்யவில்லை’ என்று தவிப்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம்.

மேப்பும் பாட்டும் சரி. அழைப்பு தனிக்கதை. மேப் கேபிளில் ஓடினாலும், ஆண்ட்ராய்டில் போன் பேச்சு மட்டும் புளூடூத் வழியாகத்தான் போகிறது. அதனால் மேப் அருமையாக ஓட, அழைப்பு வந்தால் சத்தம் போன் ஸ்பீக்கரிலேயே வரும் நிலை உண்டு. கேபிளை எத்தனை மாற்றினாலும் அது தீராது. என் ஸ்கிரீனின் புளூடூத் பட்டியலில் முந்தைய உரிமையாளர் வீட்டார் அத்தனை பேரின் போன்களும் இருந்தன, சிலரது தொடர்பு எண்கள் உட்பட. பழைய வண்டி விற்பவர்கள் இதை அழித்துவிட்டுக் கொடுப்பது நல்லது. எல்லாவற்றையும் நீக்கினேன். என் போனிலும் அந்த ஸ்டீரியோவை மறக்கச் செய்து, புதிதாக இணைத்தேன். போனில் அந்தச் சாதனத்தின் பெயரைத் தொட்டால் வரும் பக்கத்தில் அழைப்புக்கான பட்டன் ஆனில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிலர் இயர்போன் பழக்கத்தில் அதை அணைத்து வைத்திருப்பார்கள்.

இணைந்தது, ஆனால் எதிர்முனையில் அம்மா, “கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குது கண்ணு, கார நிறுத்திட்டுப் பேசு” என்றார். இது புளூடூத்தின் குறையா, மைக்கின் குறையா? பிரித்துப் பார்க்க ஒரு வழி: குரல் உதவியாளரிடம் பேசிப் பார்ப்பது. அதே மைக்தான், ஆனால் அந்தக் குரல் போனுக்குப் போவது புளூடூத்தில் அல்ல, யூஎஸ்பியில். ஏசியை அணைத்து வண்டியை நிறுத்திச் சொன்னபோது பெயரைச் சரியாகப் பிடித்தது. ஏசியை வேகமாக வைத்தால் உளறியது. ஆக மைக்.

மைக் ஸ்டீயரிங் தண்டின் மேல், ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது. அதை எடுத்து, முன் கண்ணாடியின் ஓரத் தூண் உச்சியில், சன் வைசர் பக்கத்தில் வாயைப் பார்த்தபடி ஒட்டினேன். ஒயரைக் கதவு ரப்பருக்குள் அமுக்கிக் கீழே கொண்டுவந்தேன். தூணுக்குள் ஏர்பேக் இருக்கும் வண்டிகளில் அதன் உறைக்குள் ஒயரை விடக்கூடாது, ரப்பர் ஓரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அழைப்பின் ஒலியளவையும் கொஞ்சம் குறைத்தேன். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போனால் எதிர்முனைக்கு அவர்கள் குரலே எதிரொலிக்கும். இப்போது அம்மா காரை நிறுத்தச் சொல்வதில்லை. (ஓட்டும்போது பேசாதே என்பது வேறு, அது தொடர்கிறது.)

வழிகாட்டும் குரல் பாட்டுக்குள் அமுங்கிப்போகிறது என்றால், அந்தக் குரல் பேசிக்கொண்டிருக்கும் அந்த விநாடிகளிலேயே வால்யூமைத் திருக வேண்டும். பெரும்பாலான ஸ்கிரீன்கள் பாட்டு, குரல், அழைப்பு மூன்றுக்கும் தனித்தனி அளவு வைத்திருக்கின்றன. எது ஒலிக்கிறதோ அதுதான் மாறும்.

முழுச் சோதனைக்கு வால்பாறை போனோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், நடுவில் சிக்னல் போய் வரும். கிளம்புமுன் கூகுள் மேப்பில் அந்தப் பகுதியை ஆஃப்லைனுக்கு இறக்கிக்கொண்டேன். மேலே நெட் இல்லாத இடத்திலும் மேப் காலியாகவில்லை; நெரிசல் விவரம் மட்டும் வரவில்லை. ஸ்பீடு பிரேக்கர், குழி எதற்கும் இணைப்பு விடவில்லை. பேட்டரி மெதுவாகவேனும் ஏறியது.

மச்சான், “இத்தனை பாடு எதுக்கு, ஒரு வயர்லெஸ் அடாப்டர் வாங்கி மாட்டிர வேண்டியதுதானே மாப்ள” என்று தன்னுடையதைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. புளூடூத்தில் போனை அழைத்து, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றிக்கொள்கிறது. போனைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். ஆனால் அதுவும் அதே யூஎஸ்பி துளையில்தான் மின்சாரம் எடுக்கிறது. அந்தப் பழைய எக்ஸ்டென்ஷனில் போட்டுப் பார்த்தபோது அதுவும் பள்ளத்தில் அணைந்து எழுந்தது, அதுவும் எழுந்திருக்கக் கேபிளைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டு. நேர் கேபிளில் ஒழுங்காக ஓடியது. போனில் விபிஎன் ஓடினால் மட்டும் இணைய மறுக்கிறது. ஊருக்குள் குறுகிய தூரத்துக்கு அது வசதி. நெடுந்தூரத்துக்குப் போன் சூடாகிச் சார்ஜும் கரைவதால் எனக்குக் கேபிளே போதும்.

தங்கை ஐபோனைச் செருகியபோது, “அண்ணா, என் புளூடூத் கட்டாயிருச்சு” என்றாள். அது பழுதில்லை. கேபிளில் கார்ப்ளே தொடங்கினால் அழைப்பும் அந்தக் கேபிளிலேயே போவதால், ஐபோன் காரோடு உள்ள புளூடூத்தைத் தானே விட்டுவிடும்.